எல்லாரும் "ஆயிடுங்க சார்" என்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை: குழுவில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உற்பத்திக் கூட்டம் நடக்கும். ஜெனரல் மேனேஜர் ஒவ்வொரு ஆர்டராக வாசித்து, "24-ஆம் தேதி போயிடுமா?" என்று கேட்பார். துணிக்குப் பொறுப்பானவர், கட்டிங் மாஸ்டர், ப்ரொடக்‌ஷன் மேனேஜர், தரக்கட்டுப்பாடு, பேக்கிங் என்று மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "ஆயிடுங்க சார்." இரண்டு மாதத்தில் மூன்று ஆர்டர் கப்பலைத் தவறவிட்டு, பல மடங்கு செலவில் விமானத்தில் போயின.

முதலாளி என்னைக் கூப்பிட்டபோது நோயின் பெயரை அவரே வைத்திருந்தார். "என் ஆளுகளுக்குக் கமிட்மென்ட் இல்லைங்க. ஒரு நாள் ட்ரெய்னிங் போட்டுக் கொடுங்க." ட்ரெய்னிங் வேண்டாம், மூன்று வாரம் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த மூன்று வாரத்தில் செய்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். தொழில் வேறாக இருந்தாலும் கேள்விகளை மாற்றிக்கொண்டால் போதும், முறை இதேதான்.

தொடங்கும் முன்: நம்பிக்கை, மோதல், ஈடுபாடு மூன்றும் எப்படிக் கோத்திருக்கின்றன

நிர்வாக ஆலோசகர் பேட்ரிக் லென்சியோனி 2002-இல் ஒரு கற்பனை நிறுவனத்தின் கதையாக எழுதிய நூலில், குழுவின் கோளாறுகளை ஐந்து அடுக்கு கோபுரமாக வைத்தார். அடியில் நம்பிக்கையின்மை, அதற்கு மேல் மோதலுக்குப் பயம், அதற்கும் மேல் ஈடுபாடு இல்லாமை. மீதி இரண்டு, ஒருவரையொருவர் பொறுப்புக் கேட்கத் தயங்குவதும் கூட்டு விளைவைக் கவனிக்காமல் விடுவதும். முதல் மூன்றைப் பிடித்துவிட்டால் பின்னால் வருவது பெரும்பாலும் தானே புரிந்துவிடும் என்பதால், இங்கே அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே நம்பிக்கை என்பதற்குக் குறுகிய பொருள் ஒன்று உண்டு. "தப்பு என்னுடையது", "எனக்குத் தெரியவில்லை", "கை கொடுங்கள்" என்று சொன்னால் அது நாளைக்கு என்மேலேயே திரும்பாது என்ற தைரியம். இதற்கும் நட்புக்கும் சம்பந்தமில்லை. நான் பார்த்த அந்த எட்டுப் பேரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய் மொய் எழுதுகிறவர்கள். ஆனால் சாயம் சரியாக வரவில்லை என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்ல மாட்டார்கள்.

மோதல் என்பது விஷயத்தைப் பற்றி வாதாடுவது. ஈடுபாடு என்றால் முடிவு தெளிவாக இருப்பது, கூடவே "என் யோசனையையும் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்" என்பதால் மனம் அதில் ஒட்டியிருப்பது. எல்லாருக்கும் அந்த முடிவு பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் மேலே இருக்கும் அடுக்குதான் கண்ணில் படும். அதனால்தான் முதலாளிகள் எல்லாரும் "கமிட்மென்ட் இல்லை" என்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம். இந்தக் கோபுரம் ஒரு ஆலோசகரின் அனுபவச் சட்டகம், இயற்கை விதி கிடையாது. சில இடங்களில் நம்பிக்கைக்குக் குறைவே இருக்காது, முடிவு தெளிவில்லாததால் மட்டும் வேலை கெடும். அடியிலிருந்துதான் பிரச்சினை என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

படி 1: நடந்து முடிந்த பத்து முடிவுகளை எடுங்கள்

யாரிடமும் மனநிலையைக் கேட்பதற்கு முன் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். கடந்த ஆறு வாரக் கூட்டக் குறிப்புகளிலிருந்து பத்து முடிவுகளைப் பொறுக்கி எடுத்து, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: "அன்றைக்கு என்ன முடிவானது?" ஆளுக்கு ஒரு பதில் வந்தால் அங்கே முடிவே ஆகவில்லை என்று பொருள். இது ஈடுபாட்டுக் கோளாறின் எளிய வகை, தெளிவின்மை. இதைச் சரிசெய்ய யாரும் மனம் மாற வேண்டியதில்லை. கூட்டம் கலையும் முன் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று உரக்க வாசித்தால் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது: "இது நடக்காது என்று உங்களுக்கு முதன்முதலில் என்றைக்குத் தெரிந்தது?"

மூன்றாவது: "அதை யாரிடம், என்றைக்குச் சொன்னீர்கள்?"

கடைசி இரண்டு பதிலுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். முழு ஆய்விலும் எனக்கு அதிகம் உதவுவது இந்த ஒரு எண்தான். தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு குழுவின் நம்பிக்கையை எந்தக் கேள்வித்தாளையும் விடச் சரியாகக் காட்டும்.

திருப்பூர்க் குழுவில் பத்தில் மூன்று முடிவு சொன்ன தேதிக்கு முடிந்திருந்தது. மூன்றில் ஆளுக்கு ஒரு பதில் வந்தது. ஒன்று ஆள் பற்றாக்குறையால் நின்றது, அதில் யார் மேலும் குற்றமில்லை. மீதி மூன்றுதான் முக்கியம். அவை நடக்காது என்று சம்பந்தப்பட்டவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சொல்வதற்கு ஆன நாள் 4, 6, 9.

அந்த 6 நாளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நேவி ப்ளூ துணி சாயப் பட்டறையிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தது. துணிப் பொறுப்பாளர் அன்று மாலையே லைட் பாக்ஸில் வைத்து, பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஷேட் ஒரு கண் சிவப்பு அடித்தது. பட்டறைக்கு போன் போட்டுத் திருப்பி அனுப்பினார், மறுபடி சாயம் ஏற்ற நாலு நாளாவது ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கட்டிங் மாஸ்டரிடம் வாயே திறக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் மேஜையைக் காலியாக வைத்துக்கொண்டு புதன், வியாழன் என்று துணிக்காகக் காத்திருந்தார். அடுத்த திங்கள் கூட்டத்தில் வரிசையாகக் கேட்டு வரும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. செவ்வாயன்றே சொல்லியிருந்தால் வேறு ஆர்டரை மேஜையில் ஏற்றியிருக்கலாம்.

படி 2: தேதிகளில் ஒளித்துவைத்த நாட்களைத் தேடுங்கள்

நம்பிக்கை இல்லாத இடத்தில் எல்லாரும் எண்களில் கொஞ்சம் பொய் கலப்பார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, தற்காப்புக்குத்தான். ஒரே வேலைக்கு ஒவ்வொரு மேஜையிலும் என்ன தேதி எழுதியிருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

நான் பார்த்த ஆர்டரில் பையருக்குக் கொடுத்த தேதி 24. பையரோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர் உற்பத்திக்குச் சொன்னது 18. அவர் எப்போதும் ஐந்தாறு நாள் முன்னாடி சொல்வார் என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜருக்குத் தெரியும், அதனால் அவர் மனசில் 23 என்று வைத்துக்கொண்டு தையல் லைனுக்கு 20 என்று சொன்னார். லைன் சூப்பர்வைசர் அதையும் நம்பாமல் தன் கணக்கில் ஒன்று வைத்திருந்தார். 24, 18, 23, 20 என்று ஒரே ஆர்டருக்கு நாலு தேதி இருக்க, யாருமே அடுத்தவர் சொன்ன தேதியை நம்பி வேலை செய்யவில்லை.

சாப்ட்வேர் குழுவில் இதே வேலையை எஸ்டிமேட் செய்யும். எட்டு நாள் வேலைக்குப் பன்னிரண்டு நாள் கேட்பார்கள், மேலே இருப்பவர் அதை ஏழாக வெட்டுவார், அடுத்த முறை பதினைந்து கேட்பார்கள். வெட்டும் பழக்கம் இருக்கும் இடத்தில் கூட்டிக் கேட்கும் பழக்கமும் கண்டிப்பாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரண்டு கூட்டங்களில் பேசாமல் உட்காருங்கள்

ஒரு தாளை எடுத்து இரண்டே விஷயத்தைக் குறியுங்கள். தலைவர் சொன்னதற்கு யாராவது மாற்றுக் கருத்து சொன்னார்களா? சொன்ன அடுத்த அரை நிமிடத்தில் என்ன நடந்தது?

இரண்டாவதுதான் நோயைக் காட்டும். மறுப்புக்கு ஒரு கேள்வி பதிலாக வந்தால், அதாவது "ஏன் அப்படி நினைக்கிறீங்க?", "எத்தனை நாள் குறையும்?" என்று வந்தால், அந்தக் குழுவில் வாதத்துக்கு உயிர் இருக்கிறது. நான் உட்கார்ந்த இரண்டு கூட்டத்திலும் சேர்த்து மாற்றுக் கருத்து மூன்றே முறை எழுந்தது. இரண்டுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று பதில். மூன்றாவதற்கு, "உங்க டிபார்ட்மென்ட்தானே எப்பவும் லேட்." கேள்வி ஒன்றுகூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் டீக்கடை வரை கூடவே போங்கள். அங்கே கட்டிங் மாஸ்டர் ப்ரொடக்‌ஷன் மேனேஜரிடம் சொன்னார்: "24 எல்லாம் ஆகாதுங்கண்ணா. துணியே இன்னும் கைக்கு வரல." ஒரு மணி நேரக் கூட்டத்தில் வராத தகவல் ஒரு கிளாஸ் டீ முடிவதற்குள் வந்துவிட்டது. உண்மையான கூட்டம் எங்கே நடக்கிறது என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. ஒன்று, அமைதியைப் பார்த்த உடனே பயம் என்று எழுதிவிடுவது. நம் ஊரில் பெரியவர் பேசும்போது நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசாமல் இருப்பது மரியாதை. அந்த ஆள் கூட்டம் முடிந்து நேரே அறைக்குப் போய், "சார், ஒரு நிமிஷம். அந்தத் தேதி கஷ்டம்" என்று அன்றைக்கே சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அங்கே மோதலுக்குப் பயம் இல்லை, வாசல்தான் வேறு. டீக்கடையில் சொல்லிவிட்டு அறைக்குப் போகாமல் விட்டால்தான் பயம்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். சத்தம் கேட்டால் வெளிப்படையாகப் பேசுகிறார்கள் என்று நினைப்பது. அந்தக் கூட்டத்தில் துணிப் பொறுப்பாளரும் கட்டிங் மாஸ்டரும் குரல் உயர்த்திச் சண்டை போட்டார்கள். ஆனால் எழுதி வைத்ததை வாசித்தபோது ஒரு வாக்கியத்தில்கூட எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று இல்லை. யாரால் வந்தது என்பது மட்டும்தான் இருந்தது. ஆள் மேல் சண்டை போட்டு விஷயத்தைத் தவிர்ப்பதும் மோதலுக்குப் பயந்ததில் ஒரு வகைதான்.

படி 4: தனித்தனியாகப் பேசுங்கள், ஆனால் கருத்தைக் கேட்காதீர்கள்

ஆளுக்கு அரை மணி நேரம். அவர் வேலை செய்யும் இடத்திலேயே பேசினால் நல்லது. இதை அவர்களுடைய மேலதிகாரியே செய்தால் வருவது மறுபடியும் "ஆயிடுங்க சார்"தான். எச்.ஆரிலிருந்தோ வேறு துறையிலிருந்தோ, அவர்களுக்குச் சம்பள உயர்வு போடாத ஒருவர் கேட்க வேண்டும். என்ன வெளியே போகும், என்ன போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தால் நீங்களும் அந்த நோயில் ஒரு பங்கு ஆகிவிடுவீர்கள்.

"உங்களுக்குள் நம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அதனால் சம்பவத்தைக் கேளுங்கள். "கடைசியாக யார் தன் தப்பைத் தானே வந்து சொன்னது? அவருக்கு அப்புறம் என்ன ஆச்சு?" இந்த ஒரு கேள்வியை எட்டுப் பேரிடமும் கேட்டேன். ஐந்து பேர் ஒரே சம்பவத்தைச் சொன்னார்கள்.

ஒரு வருடம் முன்பு துணியில் ஓட்டை வருகிறது என்று துணிப் பொறுப்பாளர் தானே முன்வந்து சொல்லியிருக்கிறார். ஜி.எம். அந்தத் துணியைப் போட்டோ எடுத்து, முதலாளியும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே "யார் பொறுப்பு?" என்று எழுதியிருக்கிறார். மெர்ச்சண்டைசர் உடனே அவர் பெயரை டேக் செய்திருக்கிறார். துணிப் பொறுப்பாளரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "அதுக்கப்புறம் எதையும் நானே முடிச்சுட்டுத்தாங்க சொல்றது."

6 நாளுக்கான விளக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அவர் சோம்பேறி கிடையாது. அந்த ஆறு நாளும் பட்டறைக்கும் கம்பெனிக்குமாக பைக்கில் அலைந்துகொண்டிருந்தார்.

இதோடு தவறுப் பதிவேட்டையும் புரட்டுங்கள். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், பதிவான எண்ணிக்கை அங்கேதான் கூடுதலாக இருந்தது. அந்தப் பிரிவுகளில் தவறைப் பற்றிப் பேச முடிந்ததால் அது பதிவானது என்பது அவர் கண்ட விளக்கம். ஆகவே ஒரு லைனின் ரிஜெக்‌ஷன் கணக்கு வாரக்கணக்கில் பூஜ்யம் என்று இருந்தால் பாராட்டுவதற்கு முன் அந்த லைனுக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வித்தாள் வேண்டும் என்பவர்கள் லென்சியோனியின் நூலில் உள்ள 15 வாக்கியங்களைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்று வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். மூன்றையும் கூட்டி 8 அல்லது 9 வந்தால் கவலையில்லை, 5 அல்லது அதற்கும் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் எட்டுப் பேர் குழுவில் பெயர் போடாமல் எழுதினாலும் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். சராசரியை நம்பாதீர்கள். தலைவர் போட்ட மதிப்பெண்ணுக்கும் மற்றவர்கள் போட்டதற்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் பாருங்கள்.

படி 5: பிரித்துக் காட்டும் இரண்டு சோதனைகள்

இதுவரை சேர்த்தது அனுமானம். இனி உறுதி செய்ய வேண்டும்.

முதல் சோதனைக்குச் சின்னச் சீட்டுகள் போதும். அடுத்த கூட்டத்தில் வழக்கம்போல "24-க்குப் போயிடுமா?" என்று கேட்டு, எல்லாரும் பதில் சொன்ன பிறகு, ஆளுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். அந்தத் தேதிக்குப் போகும் என்று 10-க்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு எண் மட்டும் எழுதி மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயில் வந்ததும் சீட்டில் இருப்பதும் ஒத்துப்போய், வேலையும் நடக்காமல் இருந்தால் ஆள், இயந்திரம், முன்னுரிமை என்று வேறு பக்கம் தேட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் சொல்லப் பயப்படுகிறார்கள்.

அன்றைக்கு எட்டுப் பேரும் "ஆயிடுங்க சார்" என்று சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிரித்த எட்டுச் சீட்டில் ஆறில் 5-க்குக் கீழே இருந்தது. அதிகபட்சமே 6. ஜி.எம். சீட்டுகளை மேஜையில் வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யார் எழுதினது?" என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளுக்குள் பதற்றம், கேட்டிருந்தால் மூன்று வார வேலையும் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்டது: "சரி. எது தடுக்குது?" இந்தச் சோதனைக்கு முந்தைய நாளே தலைவரிடம் பேசி, யார் எழுதியது என்று கேட்பதில்லை என்று ஒப்புதல் வாங்கிக்கொள்வது அவசியம். நான் வாங்கியிருந்தேன், அப்படியும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

இரண்டாவது சோதனை, தலைவர் இல்லாமல் இருபது நிமிடம். தடைகளை மட்டும் போர்டில் எழுதச் சொல்லுங்கள். பேச்சு திறந்துகொண்டால் பயம் மேல்நோக்கியது. திறக்காவிட்டால் அது சக ஊழியர்களுக்குள்ளேயே இருக்கிறது. ஜி.எம். வெளியே போனதும் ஐந்து நிமிடம் போல மௌனம், பிறகு ப்ரொடக்‌ஷன் மேனேஜர் தொடங்கி வைத்தார், ஒவ்வொருவராகப் பேசினார்கள். துணிப் பொறுப்பாளர் மட்டும் கடைசிவரை பேசவில்லை. போர்டைப் பார்ப்பதும் மெர்ச்சண்டைசரைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்த டேக் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

படி 6: முடிவை ஆதாரத்தோடு எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கூற்று, பக்கத்தில் அதற்கான ஆதாரம். முதலாளியிடம் நான் கொடுத்தது சுருக்கமாக இதுதான். நம்பிக்கைக் குறைவு இருக்கிறது, கெட்ட செய்தி 4 முதல் 9 நாள் தாமதமாக வருகிறது. அதன் வேர் இரண்டு இடத்தில்: ஜி.எம். மேல் உள்ள பயம், மெர்ச்சண்டைசிங்குக்கும் உற்பத்திக்கும் நடுவே ஓடும் பொய்த் தேதிகள். மோதலுக்குப் பயம் இருக்கிறது, சீட்டுகளே சாட்சி. ஈடுபாடு இல்லை என்று நீங்கள் நினைத்ததில் ஒரு பகுதி இந்த இரண்டின் விளைவு, இன்னொரு பகுதி முடிவை வாசித்துக் காட்டாத பழக்கம்.

எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தை விலக்கிப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள். இருவருக்குச் சம்பளம், பாராட்டு எதிரெதிர் அளவுகோலில் வந்தால் அவர்கள் நம்பாமல் இருப்பது இயல்பு. உற்பத்திக்கு ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்றும், தரக்கட்டுப்பாட்டுக்கு எத்தனை பீஸ் திருப்பினார்கள் என்றும் கணக்கு வைத்தால், அந்த இரண்டு பேரையும் எந்தப் பேச்சுவார்த்தையும் சேர்த்து வைக்காது. அளவுகோலைத்தான் மாற்ற வேண்டும். இந்தக் குழுவில் அது பெரிய காரணமாகத் தெரியவில்லை.

படி 7: ஆறு வாரம் கழித்து அதே எண்ணை மறுபடி எடுங்கள்

மூன்று மாற்றம் மட்டும் செய்தார்கள். தவறின் போட்டோ பெரிய வாட்ஸ்அப் குழுவில் போகாது, சம்பந்தப்பட்ட இருவருக்கு மட்டும் போகும். கூட்டம் முடியும்போது முடிவுகள் வாசிக்கப்படும். பையர் தேதியையே எல்லாரும் பார்க்கும்படி போர்டில் எழுதி, அதன் பக்கத்தில் மெர்ச்சண்டைசர் எத்தனை நாள் கூடுதலாக வைத்திருக்கிறார் என்பதையும் எழுதுவார்கள். முதல் மாற்றத்தைக் கூட்டத்தில் அறிவித்தது ஜி.எம்.தான். "அந்தப் போட்டோவை நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது" என்று துணிப் பொறுப்பாளரைப் பார்த்தே சொன்னார்.

ஆறு வாரம் கழித்துப் புதிதாகப் பத்து முடிவை எடுத்து அதே மூன்று கேள்வியைக் கேட்டேன். தவறிய முடிவுகளில், தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் இடைவெளி ஒன்று, இரண்டு நாளாகக் குறைந்திருந்தது. ஒன்றில் மட்டும் ஐந்து நாள், அது பேக்கிங்கில். அங்கே என்ன நடக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. மெர்ச்சண்டைசர் ஒளித்துவைக்கும் நாள் ஆறிலிருந்து மூன்றாக இறங்கியிருந்தது. அதற்கும் கீழே வர முடியுமா என்று கேட்டேன். "ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஒரு தடவை ஃபெயில் ஆனா மறுபடி செக் பண்ணி பேக் பண்ண மூணு நாள் வேணுங்க. அதை விட மாட்டேன்" என்றார். அந்த மூன்று நாளுக்குக் காரணம் இருந்தது, அதை எல்லார் முன்னாலும் சொன்னார், போர்டிலும் எழுதியிருந்தது. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.